கண்ணீருக்கும் கோரிக்கைக்கும் நடுவே

'ஜெய்பீம்' (2021) நிதி திரட்ட எடுத்த படமல்ல. ஆனாலும் அதன் வெளியீட்டை ஒட்டிப் படத்தைத் தயாரித்த சூர்யா இருளர் கல்விக்கென ஒரு கோடி ரூபாய் தந்தார். 1993இல் நடந்த ராசாக்கண்ணு காவல் மரணம்தான் படத்தின் மூலம். அவர் குறவர், படத்தில் இருளர். கதையில் தடையாக நிற்பது போலீஸ். பணம் போவதோ பள்ளிப் படிப்புக்கு. இரண்டையும் இணைப்பது, கடைசியில் செய்தித்தாளை விரித்துக் கால்மேல் கால் போட்டு உட்காரும் அந்தச் சிறுமி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அந்த இணைப்பு தாங்கும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் நம் தோழர்கள் எடுக்கிற ஐந்து நிமிடப் படத்தில் தாங்காது. அடி வாங்கிய உடம்பைக் காட்டிவிட்டு 'நோட்டுப் புத்தகத்துக்கு உதவுங்கள்' என்றால், பார்ப்பவன் 'பாவம்'னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான். கோரிக்கை ஒட்டுப்போட்டதாகவே நிற்கும்.

ஆகவே கடைசி வாக்கியத்தை முதலில் எழுதவேண்டும். இருளர் குழந்தைக்குச் சாதிச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்வோம். பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திடுபவர் கோட்ட அளவிலான வருவாய் அதிகாரி. அந்தக் கையெழுத்தைப் பணத்தால் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. பணம் வாங்கித் தருவது வேறு: பஸ் கட்டணம், ஜெராக்ஸ் செலவு, அலைகிற நாளில் இழக்கும் கூலி. எனவே 'ஒரு குடும்பம் ஒருமுறை ஆபீசுக்குப் போய்வர இவ்வளவு' என்பதே கோரிக்கை. அதிகாரியை அசைக்க வேண்டுமானால் கேட்க வேண்டியது கையெழுத்து மனு. அது வேறொரு படம்.

இனி பின்னோக்கி எழுதலாம். செங்கல் சூளையில் ஒரு தாய். பிள்ளை மேலே படிக்கச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவள் ஒருநாள் கூலியை விட்டுப் போகிறாள். 'அடுத்த வாரம் வா' என்கிறார்கள். மறுபடி போகிறாள், மறுபடி கூலி போகிறது. மூன்றாம் முறை பஸ் நிறுத்தத்தில் சில்லறையை எண்ணுகிறாள், போதவில்லை. கதை அங்கேயே நிற்கவேண்டும். சான்றிதழ் கிடைத்துவிட்டதாகக் காட்டினால் பார்ப்பவனுக்கு வேலை இல்லை. அந்தக் குறைகிற சில்லறைதான் கோரிக்கை. தொகையைச் சொல்வதும் அவளாகவே இருக்கட்டும். பின்னணிக் குரல் சொன்னால் அவள் மறுபடியும் இரக்கத்துக்கான காட்சிப்பொருளாகிவிடுகிறாள். அதிகாரம் கதையாடலுக்குள் நுழைகிற இடம் இதுதான்.

நடுவில் மாவட்டப் புள்ளிவிவரம் வேண்டாம். ஒரு குழந்தையின் கதையோடு புள்ளிவிவரத்தைச் சேர்த்தபோது நன்கொடை குறைந்ததை ஸ்லோவிக்கும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கணக்கைத் துண்டறிக்கையில் தரலாம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கோரிக்கைக்கு முன்னால் படத்தை நிறுத்தி, 'இவளுக்கு இப்ப என்ன வேணும்?' என்று கேளுங்கள். 'பஸ்சுக்குக் காசு' என்று பதில் வந்தால் திரைக்கதை சரி. 'நல்ல வாழ்க்கை' என்று வந்தால், கண்ணீர் வந்திருக்கும், காசு வராது.