மூன்று மேலே ஏறும்போது

மாம்புரிக் கடற்கரையில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தக் கரையில் உயர்தரம் படிக்கும் என் மருமகள், காற்று வலுப் பாடத்தைக் கொப்பியிலிருந்து அவசரமாகத் தட்டெழுதியிருந்தாள். அதை மீட்டல் தாளாக்க இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் தலைப்புகளைக் கேள்விகளாக்கினோம். ‘காற்றாலை’ என்றிருந்தது ‘வலு எதில் தங்கியுள்ளது?’ என்றானது. கீழே மூன்றே கலைச்சொற்கள்: அடர்த்தி, வீச்சுப் பரப்பு, காற்றின் வேகம். அடுத்த வரியில்தான் தடுக்கியது.

`P=1/2pAv3`

கையெழுத்தில் மேலே இருந்த 3 கீழே இறங்கிவிட்டது. அடர்த்தியின் ρ வெறும் p ஆகி, அமுக்கம்போல் தெரிந்தது.

“மாமா, இது மூன்று மடங்கா, மூன்றாம் அடுக்கா?”

“அலகைப் போட்டுப் பார், பிள்ளை.”

மூன்று மடங்கு என்று வைத்தால் kg/s மட்டுமே மிஞ்சியது. மூன்றாம் அடுக்காக்கியதும் kg m²/s³, அதாவது வாற்று, வந்தது. சூத்திரத்தைத் திருத்தினாள்:

`P = ½ρAv³`

பக்கத்திலேயே ஓர் உதாரணம்: காற்று 6 m/s இலிருந்து 12 m/s ஆனால், அதிலுள்ள வலு எட்டு மடங்காகும். இது காற்றிலுள்ள வலு. சுழலி எடுக்கக்கூடிய உச்சம் அதில் 59.3 சதவீதம். ‘பெற்ஸ் எல்லை’ என்று அதற்குத் தனித் தலைப்பிட்டோம். கொப்பியில் அது ஓரக்குறிப்பாக ஒளிந்து கிடந்தது.

மூன்று பக்கம் ஒரு பக்கமானது. வலப்பக்க விடைகளை மறைத்து, இடப்பக்கக் கேள்விகளுக்கு அவள் வாய்விட்டு விடை சொல்லத் தொடங்கினாள்.