வெற்றுக் கலங்களும் ஊவாவின் அட்டவணைகளும்

இலங்கையின் குடிசன மதிப்பீடு மக்களை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்துக் காட்டுவதால், பெருந்தோட்டங்கள் நிறைந்த பதுளை மாவட்டத்தை ஆராய்பவர் பிரதேச செயலாளர் பிரிவுகளின் கீழ் துறைகள் அடுக்கப்பட்ட அட்டவணைகளையே பெரும்பாலும் கையாள வேண்டியிருக்கிறது. அச்சுக்கென அமைக்கும் அட்டவணையில் ‘ஹப்புத்தளை’ என்னும் பெயர், மொத்தம், நகரம், கிராமம், பெருந்தோட்டம் ஆகிய நான்கு வரிசைகளுக்கும் பொதுவாக, இணைத்த ஒரே கலத்தில் நிற்கும். கண்ணுக்கு இது தெளிவாக இருந்தாலும், விரிதாள் அந்தப் பெயரை முதல் வரிசையில் மட்டுமே சேமிப்பதால், தரவை வகைவாரியாகத் தொகுக்கும் பிவட் அட்டவணையில் மற்ற மூன்று வரிசைகளும் பெயரற்ற வகையொன்றில் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு எக்செலில் வழங்கும் தீர்வு எளியது. A நிரலில் மாவட்டமும் B நிரலில் பிரிவும், தரவு இரண்டாம் வரிசையிலிருந்தும் இருக்குமாயின், கலங்களின் இணைப்பை நீக்கி, அவ்விரு நிரல்களையும் தெரிவுசெய்து, F5 விசையின் வழியே Special, Blanks என்பவற்றைத் தேர்ந்தால் வெற்றுக் கலங்கள் மட்டும் தெரிவாகும். செயற்படு கலம் A3 ஆக இருக்கையில் பின்வரும் சூத்திரத்தைத் தட்டி Ctrl+Enter அழுத்தினால், ஒவ்வொரு வெற்றுக் கலமும் தனக்கு மேலுள்ள பெயரைப் பெற்றுவிடும்.

```
=A2
```

நூற்றுக்கணக்கான வரிசைகளைச் சில நொடிகளில் நிரப்புவதும், கையால் நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் தவிர்ப்பதும் இம்முறையின் உண்மையான பலமாகும். ஆனால் நிரப்பிய சூத்திரங்களை மதிப்புகளாக மாற்றி ஒட்டுவதற்கு முன்னர் அட்டவணையை வரிசைப்படுத்தினால், அவை புதிய மேல்வரிசையின் பெயரை எடுத்துக்கொள்வதால், எந்த எச்சரிக்கையுமின்றி ஒரு பிரிவின் மக்கள் இன்னொரு பிரிவுக்குப் போய்விடுவர்.

இதனினும் ஆழமான குறை, ‘மேலே உள்ளதே’ என்னும் வெறுமையையும் ‘இங்கு எதுவுமில்லை’ என்னும் வெறுமையையும் இம்முறை வேறுபடுத்தி அறியாமையே. இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைகளே நகரத் துறையாகக் கொள்ளப்படுவதால், பிரதேச சபையின் கீழுள்ள ஹல்துமுல்லையில் நகர மக்கள் இல்லை. அந்த எண்கலம் வெறுமையாக விடப்பட்டிருக்கலாம். நிரப்புபவர் அவசரத்தில் எண் நிரலையும் சேர்த்துத் தெரிவுசெய்தால், மேலுள்ள ‘மொத்தம்’ வரிசையின் எண் அங்கே இறங்கி, பிரிவின் மக்கள் அனைவரும் நகரவாசிகளாகப் பதிவாகிவிடுவர். தோட்ட மக்களின் வீடு, கல்வி, நலவாழ்வு பற்றிய முடிவுகள் துறைவாரி எண்களைச் சார்ந்தே எடுக்கப்படுவதால், இத்தகைய பிழையைச் சிறு கவனக்குறைவாகக் கொள்ள இயலாது.

பவர் குவெரியின் Fill Down, நிரலைத் தனித்தனியே குறிப்பிடச் செய்வதாலும் சூத்திரமின்றி மதிப்பையே இடுவதாலும் இவ்விரு அபாயங்களையும் பெரிதும் குறைக்கிறது. எனினும் அது null என்னும் வெறுமையை மட்டுமே நிரப்பும், இடைவெளி எழுத்துள்ள கலத்தைத் தீண்டாது. எம்முறையாயினும் ‘மொத்தம்’ வரிசைகள் எஞ்சியிருந்தால் பிவட் கூட்டுத்தொகை இரட்டிக்கும். ஆகவே பெயர்களை நிரப்பி மதிப்புகளாக்கிய பின், ‘மொத்தம்’ வரிசைகளை வேறு தாளுக்குப் பெயர்த்து வைத்து, பிரிவுவாரியான பிவட் கூட்டுத்தொகையை அவற்றோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க சோதனையாகும். ஹல்துமுல்லையில் மட்டும் கூட்டுத்தொகை இருமடங்காக வந்தால், பிழை நகரக் கலத்தில் இருப்பது புலப்படும்.