தேயிலைத் தோட்டத்தில் ஒரு ‘தே’ கேட்பது எப்படி?

ஆசிரியர்களே, மாணவர்களே, பேச்சுத் தமிழைப் புதிதாகக் கற்பவர்களுக்கான ஒரு பாகநடிப்புத் தாள் நம்மிடையே கைமாறி வருகிறது. களம், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துச் சாப்பாட்டுக் கடை. 1929-இல் போ நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ் புழங்கும் மலை அது. களம் சரி. ஆனால் இந்தத் தாளைப் படித்தவரால் அங்கே ஒரு தேத்தண்ணி வாங்க முடியுமா?

முதல் வரி, “ஐயா, எனக்கு ஒரு தேநீர் வேண்டும்.” இப்படிக் கேட்டால் கடைக்காரருக்குப் புரியும், ஆனால் பதில் மலாயில் வர வாய்ப்பு அதிகம். கற்பவருக்குப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். “அண்ணே, ஒரு தே ஓ குடுங்க” என்று கேட்டால் பேச்சு தமிழிலேயே தொடரும்.

வெறும் ‘தே’ என்றால் இனிப்புப் பால் ஊற்றியது வரும். ‘தே ஓ’வில் பால் இருக்காது, சீனி இருக்கும். இரண்டும் வேண்டாதவர் ‘தே ஓ கோசோங்’ என்பார். தாளின் குறிப்பு, கோசோங் என்றால் ‘சீனி இல்லாதது’ என்கிறது. நான்கு வரி தள்ளி ‘ரொட்டி கோசோங்’ வருகிறது. ரொட்டியில் ஏது சீனி? மலாயில் அதற்கு ‘வெறுமை’ என்று பொருள். தேயில் சீனி இல்லை, ரொட்டிக்குள் முட்டையோ வெங்காயமோ இல்லை. இப்படிச் சொன்னால் ஒரே குறிப்பு இரண்டுக்கும் போதும். ‘தண்ணி’க்கும் இதே கதி. “தண்ணி என்ன?” என்று கடைக்காரர் கேட்பது குடிக்க என்ன வேணும் என்றுதான், தாளோ ‘நீர்’ என்று பொருள் எழுதி நகர்ந்துவிடுகிறது.

ஒலிபெயர்ப்புதான் பெரிய குறை. எழுத்துக்கு எழுத்து ஆங்கில எழுத்தை வைத்திருக்கிறார்கள். ‘வேணும்’ என்பதன் கடைசி ‘ம்’ பேச்சில் உதடு மூடி வருவதில்லை. உயிரொலி மூக்கில் ஏறி நின்றுவிடுகிறது. மாணவரைக் கண்ணாடி முன் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். உதடு ஒட்டினால் தாளைப் பார்த்துப் படிக்கிறார் என்று அர்த்தம். ‘வேணுமா?’ என்று கேட்கும்போது மட்டும் ‘ம’ முழுசாகத் திரும்பி வரும். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல வைத்தாலே காது பழகிவிடும். ஒலிபெயர்ப்பில் அந்த உயிரெழுத்தின் மேல் ஓர் அலைக்கோடு போட்டால் போதும்.

நான் வகுப்பில் மாற்றி எழுதியது இது:

— வாங்க, என்ன சாப்பிடுறீங்க?
— ரெண்டு ரொட்டி கோசோங் குடுங்கண்ணே.
— தண்ணி என்ன?
— தே ஓ ஒண்ணு, சீனி கம்மியா.
— இங்கயா, பூங்குஸா?
— இங்கதாண்ணே.

‘பூங்குஸ்’ என்றால் பொட்டலம் கட்டித் தருவது. கடைக்காரர் பெண்ணாக இருந்தால் ‘அக்கா’; வயதானவர் என்றால் ‘ஆன்ட்டி’. ‘ஐயா’வைப் பள்ளியோடு விட்டுவிடலாம். தேர்வு மாணவர்கள் மட்டும் கட்டுரையில் ‘வேண்டும்’ என்றே எழுதுங்கள், ‘வேணும்’ பேச்சுக்கு.