கருத்தரங்கப் போஸ்டர்: கட்டங்களின் பலமும் பலவீனமும்

ஆய்வு போஸ்டரின் உரையைத் தலைப்பிட்ட கட்டங்களாகப் பிரித்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் நிற்பவரும் படிக்கும் அளவில் எழுத்துகளை அமைப்பது கருத்தரங்குகளில் நிலைபெற்ற வழக்கம். இதில் எழுத்தளவு அலங்காரம் அன்று, எவ்வளவு எழுதலாம் என்பதையே அது தீர்மானிக்கிறது.

சாதாரணப் பார்வை உடையவர் ஒன்றரை மீட்டரில் இனங்காணக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் சுமார் 2 மி.மீ. அந்த எல்லையில் தொடர்ந்து படித்தால் கண் களைத்துவிடும்; ஏறத்தாழ இரு மடங்காவது வேண்டும். 24 பாயின்ட் ஆங்கிலச் சிற்றெழுத்து சுமார் 4 மி.மீ. உயரம் வருவதால், கட்டங்களின் உரைக்கு அதுவே கீழ்வரம்பாகக் கொள்ளப்படுகிறது. ணை, ஞூ போன்ற சுழிமிக்க எழுத்துகளுக்கு இன்னும் சற்றுப் பெரிய அளவே பொருந்தும்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே எழுதுபவருக்கு எழுத்தின் உண்மை அளவு பிடிபடாது. ஏ0 தாள் ஏ4 தாளைவிட நீள அகலத்தில் நான்கு மடங்கு. ஆகவே போஸ்டரை ஏ4 தாளில் 25 விழுக்காட்டு அளவில் அச்சிட்டு, 37.5 செ.மீ. தள்ளிப் பிடித்தால், ஒன்றரை மீட்டரில் நிற்பவரின் பார்வை அப்படியே கிடைக்கும். அப்போது சிரமப்பட்டுத்தான் படிக்க முடிகிறது என்றால், எழுத்தைப் பெரிதாக்கி உரையைக் குறைக்க வேண்டும்.

இந்தக் குறைப்புதான் வழக்கத்தின் முதல் பலம்: முக்கியமானதும் உபரியானதும் பிரிந்துவிடுகின்றன. நடந்துபோகிறவர் தமக்கு வேண்டிய கட்டத்துக்கு நேரே போகலாம் என்பது அடுத்த பலம். ஆனால் ‘அறிமுகம்’, ‘முறை’, ‘முடிவுகள்’ என்று தலைப்பிட்டால் அந்தப் பலன் வீணாகிறது. அவை எந்த ஆய்வுக்கும் பொருந்தும். கிணற்று நீர் பற்றிய போஸ்டர் ஒன்றில் ‘முடிவுகள்’ என்பதற்குப் பதில் ‘கோடையில் கிணற்று நீரில் உப்பு கூடுகிறது’ என்றிருந்தால், தலைப்பை மட்டும் பார்த்தவரும் செய்தியோடு போகிறார். மைக் மாரிசன் 2019இல் முன்வைத்த வடிவம் இதையே எல்லைவரை கொண்டுபோய், முதன்மை முடிவை எளிய வாக்கியமாகத் தாளின் நடுவில் பெரிதாக நிறுத்துகிறது.

குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மேலே சொன்ன தலைப்பு எல்லாக் கிணறுகளையும் பற்றிய கூற்றாக ஒலிக்கிறது. கடலோரக் கிணறுகளில் ஒரே ஒரு கோடையில் எடுத்த மாதிரிகள்தாம் ஆதாரம் என்றால், அந்த வரம்பு பெரும்பாலும் வேறொரு கட்டத்தின் கடைசி வரியில் கிடக்கும். கட்டங்களாக வெட்டும்போது கூற்றும் அதன் நிபந்தனையும் பிரிந்துவிடுகின்றன. ‘ஆகவே’, ‘ஆனால்’ என்று வாதத்தைக் கோக்கும் சொற்களும் உதிர்கின்றன. ஆய்வாளர் அருகில் இருந்தால் பேச்சில் இதை ஈடுசெய்வார். அவர் இல்லாத வேளையில் போஸ்டர் தவறான உறுதியைத் தரும்.

இதைத் தவிர்க்க, நிபந்தனையைத் தலைப்பிலேயே சேர்க்க வேண்டும்: ‘ஆய்ந்த கடலோரக் கிணறுகளில் இந்தக் கோடையில் உப்பு கூடியது’. நீளம் சற்றுக் கூடினாலும் தூரத்திலிருந்து படிப்பவருக்குக் கிடைப்பது சரியான செய்தி. அதற்கான இடத்தை முறை விளக்கத்தைச் சுருக்கிப் பெறலாம், முடிவின் வரம்பைச் சுருக்கிப் பெறக் கூடாது.