நாளைக்குக் கல்யாணம், இப்போதே வந்துவிட்டான்: ஆண்டாளின் கனவும் நம் கனவுக் கவிதைகளும்

இணையத்தில் வாசிக்கக் கிடைக்கும் கனவுக் கவிதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதிதான். எல்லாமே விசித்திரமாக இருக்கும், எதுவுமே கனவு மாதிரி இருக்காது. முதல் வரியில் கடிகாரம் உருகும். அடுத்த வரியில் மீனுக்குச் சிறகு முளைக்கும். மூன்றாவதில் நிலா ரத்தம் சிந்தும். அடுத்து எது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்துபோன பிறகு, எது வந்தாலும் வாசிக்கிறவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

நிஜமான கனவில் நாம் ஆச்சரியப்படுவதே அபூர்வம். செத்துப்போன தாத்தா வாசலில் நின்று "சாப்பிட்டியா?" என்று கேட்பார். "ஆச்சு தாத்தா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவோம். நெஞ்சை அடைப்பது விழித்த பிறகுதான். நடக்கமுடியாதது நடக்கும்போது அதற்குச் சம்மதித்துக்கொண்டே போவது கனவின் தர்க்கம். கவிதையில் அந்தச் சம்மதத்தை யார் தருவது? சொல்கிற குரல்தான் தரவேண்டும். அந்தக் குரல் "பார், எவ்வளவு விநோதம்!" என்று வியக்க ஆரம்பித்த கணமே கனவு கலைந்துவிடுகிறது.

இதற்குத் தமிழில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகம், 'வாரணம் ஆயிரம்'. பலருக்கு அந்தப் பெயர் 2008-ல் வந்த சினிமாவாகத்தான் தெரியும். வைணவக் கல்யாண வீடுகளில் இன்றும் பாடுகிறார்கள். அப்படிப் பாடிப் பாடியே அது ஒரு கல்யாண ஆல்பம் போல ஆகிவிட்டது. பந்தல், மேளம், அக்கினி, அம்மி என்று எல்லாம் ஒழுங்காக வருகிறதே, இதில் கனவு எங்கே இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பதில், பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

பத்துப் பாட்டில் கனவு, பதினொன்றாவதில் கையெழுத்தும் பலனும். முதல் பாட்டில் ஆயிரம் யானைகள் சூழ அவன் நடந்து வருகிறான் என்று ஊர் பொற்குடம் வைக்கிறது, தோரணம் நாட்டுகிறது. இரண்டாம் பாட்டில் திருமணம் நாளைக்கு என்று நாள் குறிக்கிறார்கள். அந்த மூச்சிலேயே அவன் பந்தலுக்குக் கீழே நுழைந்துவிடுகிறான். நடுவில் ஒரு இரவு இல்லை. மூன்றாம் பாட்டில் இந்திரனும் தேவர்களும் வந்து உட்கார்ந்து பெண் பேசுகிறார்கள், துர்க்கை வந்து மாலை சூட்டுகிறாள். நான்காவதில் அவனோடு சேர்த்து அவளுக்குக் காப்பு கட்டியாகிவிட்டது. ஐந்தாவதில் என்ன நடக்கிறது? பெண்கள் விளக்கும் கலசமும் ஏந்தி எதிர்கொள்ள, பூமி அதிர அவன் மறுபடி உள்ளே வருகிறான்.

முதலில் வருகை, அப்புறம் நுழைவு, காப்பு கட்டிய பிறகு இன்னொரு நுழைவு. ஆறாவதில்தான் அவன் கை அவள் மேல் படுகிறது.

இதை வேறு மாதிரியும் விளக்கலாம். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயம். மறுநாள் முகூர்த்தத்துக்கு மறுபடி வருகிறான், அவ்வளவுதானே என்று. சடங்கு வரிசையாக அது சரியாகவே பொருந்தும். ஆனால் அந்த மறுநாள் எப்போது விடிந்தது என்று பாட்டில் யாரும் சொல்லவில்லை. சடங்கின் வரிசை கவிதைக்கு முதுகெலும்பாக இருக்கிறது, நாள்களுக்கு இடையில் இருக்கவேண்டிய நேரத்தைக் கனவு உருவிவிட்டது. வாசிக்கிற நாம் அந்த இடைவெளியை உணர்வதே இல்லை. நம்மை உணரவிடாமல் செய்தது எது?

ஒன்று, விளி. பத்துப் பாட்டும் ஒரே மாதிரி முடிகின்றன. தோழியைக் கூப்பிட்டு, இப்படிக் கனாக் கண்டேன் என்கிறாள். சொல்கிறவள் யார், கேட்கிறவள் யார் என்பது ஒருபோதும் மாறுவதில்லை. காட்சி எங்கே தாவினாலும் நாம் அந்தத் தோழியின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். இன்னொன்றையும் கவனிக்கலாம். ஒவ்வொரு பாட்டிலும் நடப்பதெல்லாம் 'அவர்கள் இதைச் செய்ய, அவன் இதைச் செய்ய' என்று முற்றுப்பெறாத வினைகளாகத் தொங்கிக்கொண்டே வந்து, கடைசியில் 'கண்டேன்' என்ற ஒற்றை வினைமுற்றில் இறங்குகின்றன. கனவில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வேலைதானே? எல்லாம் நடக்க, நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இலக்கணமே கனவின் நிலையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு, திரும்ப வரும் பொருள்கள். முதல் பாட்டில் ஆயிரமாக இருந்த யானை ஏழாவதில் உவமையாக ஒன்றாகிறது. சினம் கொண்ட களிறு போன்றவன் அவள் கையைப் பற்றித் தீயை வலம் வருகிறான். பத்தாவதில் நிஜ யானை ஒன்று, அதன்மேல் அவனோடு அவளுக்கும் மங்கல நீராட்டு. முதலில் அவனைச் சூழ்ந்த கூட்டம், பிறகு அவனேதான் யானை, கடைசியில் இருவரும் ஏறும் இடம். ஒரே விலங்குக்கு மூன்று முறையும் மூன்று வேலை.

கையும் அப்படித்தான். ஆறாவதில் அவன் அவள் கையைப் பற்றுகிறான். ஏழாவதில் பற்றிய கையோடு நடக்கிறான். எட்டாவதில் அதே கை அவள் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்கிறது. ஒன்பதாவதில் அவள் கை அவன் கைமேல் இருக்கிறது. தூரம் குறைந்துகொண்டே வருவதை அவள் எங்கேயும் சொல்வதில்லை, கை சொல்கிறது. இந்தப் பதிகத்தின் மிக விசித்திரமான படிமம் எது என்று கேட்டால் ஆயிரம் யானையைச் சொல்லமாட்டேன், அந்த அம்மியைத்தான் சொல்வேன். ஏழேழ் பிறவிக்கும் பற்றானவன் என்று யாரைச் சொல்கிறாளோ, அவன் ஒரு பெண்ணின் காலைப் பிடித்துச் சமையலறைக் கல்லின்மேல் வைக்கிறான். அவள் குரல் துளிகூட உயரவில்லை. அம்மி எல்லோர் வீட்டிலும் இருந்தது, அதனால் நாமும் நம்பிவிடுகிறோம்.

ஒன்பதாம் பாட்டில் பொரியிட அண்ணன்மார் வருகிறார்கள். துளசிச் செடியடியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்றுதான் மரபு கோதையைச் சொல்கிறது. அந்தக் கதையில் உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. சடங்குக்கு அண்ணன் வேண்டும், கனவு கொண்டுவந்து நிறுத்துகிறது, முக அழகோடு சேர்த்து. எங்கிருந்து வந்தார்கள் என்று அவள் கேட்பதில்லை. பெண் பேசியது தேவர்கள். வளர்த்த அப்பா இந்தப் பத்துப் பாட்டிலும் தென்படவே இல்லை, பதினொன்றாவதில் தன்னை யார் மகள் என்று சொல்லும்போதுதான் வருகிறார். இருப்பவரை மறந்து இல்லாதவர்களை அழைத்துவருவது. கனவு கண்ட எவருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

இதிலிருந்து எழுதுகிறவர் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? விளக்குவதற்காகவே நான்கு வரி எழுதிப் பார்த்தேன். ஒரு கனவை நோட்டில் குறித்துவைத்து, அப்படியே 'கவித்துவமாக' ஆக்கினால் வருவது இது:

பேருந்து கிணற்றுக்குள் ஓடுகிறது
தாத்தா நட்சத்திரங்களுக்குச் சீட்டு கிழிக்கிறார்
என் கைகள் பறவைகளாகின்றன
கடல் ஒரு கதவைத் தட்டுகிறது

வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். நான்காவதை முதலில் வைத்தாலும் கவிதை ஒரு முறைப்பாடும் சொல்லாது. ஒரு வரிக்கும் இன்னொன்றுக்கும் உறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆண்டாளின் எட்டாம் பாட்டை இரண்டாமிடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். கையைத் தொடாதவன் காலைப் பிடிக்கிறான், பதிகமே சரிந்துவிடும்.

இனி, பறவையையும் கடலையும் வெளியே அனுப்பிவிடுவோம். அவை யாருடைய கனவிலும் வரக்கூடியவை. கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்: அம்மா. திரும்ப வர ஒரு பொருள் வேண்டும்: தாத்தாவின் ஈரத் துண்டு.

அம்மா, தாத்தாதான் கண்டக்டர்.
தோளில் அதே ஈரத் துண்டு.
பஸ் நம்ம கிணற்றுக்குள் இறங்கியது,
யாரும் எழுந்திருக்கவில்லை.
சில்லறை இல்லை என்றேன்.
துண்டைப் பிழிந்து என் கையில் விட்டார்.
திரும்பிப் பார்த்தேன் அம்மா,
எல்லோர் தலையும் ஈரம்.

பெரிய கவிதை என்று சொல்லவரவில்லை. ஆனால் இரண்டாவதற்குள் ஏதோ ஒன்று நிற்கிறது. விநோதங்கள் குறைந்திருக்கின்றன, மிஞ்சியது ஒரு ஈரம் மட்டும். அது தோளில் துணியாக இருந்து, கையில் சில்லறையாகி, கடைசியில் எல்லோர் தலையிலும் ஏறியிருக்கிறது. துண்டு முதல் வரிகளில் வந்ததால்தான் கடைசி வரி பயமுறுத்துகிறது. 'யாரும் எழுந்திருக்கவில்லை' என்ற வரிதான் சம்மதம். அங்கே 'எல்லோரும் அலறினார்கள்' என்று எழுதியிருந்தால் அது விபத்துச் செய்தி.

இந்த முறை கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. திரும்ப வரும் பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே வேலையைச் செய்தால் அது சின்னமாக இறுகிவிடும். துண்டு என்றால் மரணம், அவ்வளவுதான் என்று வாசிக்கிறவர் விடுகதையை அவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். விளிக்கும் அதே ஆபத்து இருக்கிறது. ஆண்டாளில் அது சலிக்காததற்குக் காரணம், அதற்கு முந்தைய செயல் ஒவ்வொரு பாட்டிலும் மாறுவதுதான். நுழைகிறான், சூட்டுகிறாள், கட்டுகிறார்கள், பற்றுகிறான். மாறாத வாக்கியம், மாறும் செயலின்மேல் வந்து உட்காருகிறது. நம் ஆட்கள் மாறாததைப் பிடித்துக்கொள்கிறார்கள், மாறவேண்டியதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, கடைசி வரியில் 'திடுக்கிட்டு விழித்தேன்' என்று எழுதுவது. அதோடு முன்னால் சொன்னதெல்லாம் ரத்தாகிறது. ஆண்டாளின் பதிகத்தில் விழிப்பு இல்லை. யானைமேல் நீராட்டோடு கனவு நிற்கிறது. தோழியும் கடைசிவரை ஒரு வார்த்தை பதில் பேசுவதில்லை. விழித்ததற்கான தடயம் வேண்டுமென்றால் அடுத்த பதிகத்துக்குப் போகவேண்டும். கனவின் ஆறாம் பாட்டில், அவன் கைப்பற்றியபோது மத்தளத்தோடு சங்கு ஊதினார்கள். ஏழாம் பதிகத்தில் அவள் அவனுடைய வெண்சங்கைக் கூப்பிட்டு, அவன் வாயின் மணம் எப்படி, சுவை எப்படி என்று கேட்கிறாள். அங்கே கல்யாணம் இல்லை, பந்தல் இல்லை, அவள் கையைப் பற்றும் கையும் இல்லை. அவன் வாயைத் தொட்டிருக்கும் ஒரு சங்கிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.