நரையும் ஒரு கதையும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் தம் சிறுகதையின் கையெழுத்துப் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். அபிப்பிராயம் சொல்ல வேண்டும், ஆனால் எங்கும் தம் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. பெயரைச் சொல்லாமலே கதையைச் சொல்லுகிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு நூல் மில் மேஸ்திரி. வயது 56. மகளைப் பெண் பார்க்கப் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மறுநாள் காலையில் வருகிறது. முன்னிரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகனுடைய பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளுகிறார். கதை இவ்வளவுதான்.

முதல் தடவை படித்தபோது நான் சிரித்தேன். கிழவருக்கு ஏன் இந்த ஆசை என்றுதான் தோன்றியது. இரண்டாம் தடவை படித்தபோதுதான், ஆசிரியர் போகிற போக்கில் போட்டிருக்கும் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. மகன் காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறான். மில்லில் 58 வயதில் ஓய்வு. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்க்கிறார்கள்? தகப்பனையும் பார்க்கிறார்கள். இந்த மனுஷர் இன்னும் எத்தனை வருஷம் சம்பாதிப்பார், நாளைக்கு இவர் ஓய்ந்துவிட்டால் மச்சினன் படிப்புச் செலவு நம் பையன் தலையில் விழுமா, தீபாவளிச் சீரும் பிள்ளைப்பேறும் ஒழுங்காக நடக்குமா என்றெல்லாம் வாய் திறக்காமல் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் நரை ஒரு எண். அந்த எண்ணைத்தான் அவர் அழிக்கப் பார்க்கிறார்.

தாமஸ் மன் 1912-ல் எழுதிய வெனிஸ் நகரத்துக் கதையிலும் ஒரு வயதானவர் சாயம் பூசிக்கொள்ளுகிறார். பெரிய எழுத்தாளர், அழகின்மேல் கொண்ட மையலில் நாவிதனிடம் தலையைக் கொடுத்துவிடுகிறார். அங்கே சாயம் வீழ்ச்சியின் அடையாளம். நம் மேஸ்திரிக்கு மையல் ஒன்றும் இல்லை. அவர் கண்ணாடியில் தம்மைப் பார்ப்பதே சம்பந்தியின் கண்ணால்தான்.

இங்கே நம் பழைய கதைகள் இரண்டு என் நினைவுக்கு வந்தன. கம்பனில், தசரதன் காதோரத்தில் ஒரு நரையைக் கண்டதும் ராஜ்யத்தை மகனிடம் ஒப்படைக்கத் தீர்மானிக்கிறான். மேஸ்திரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நரை வந்துவிட்டது, ஒப்படைக்க மகன் இன்னும் தயாராகவில்லை. மற்றொன்று கரிகாலனுடையது. வழக்குத் தீர்க்க வந்தவர்கள் இவனோ சிறுபிள்ளை என்று தயங்க, அவன் பொய் நரை முடித்து வந்து தீர்ப்புச் சொன்னானாம். பழமொழி நானூறு சொல்லும் கதை. மரியாதைக்காக நரையைச் சூடிக்கொண்டான் ஒருவன். அதை மறைக்கிற மேஸ்திரி மரியாதையையும் சேர்த்தல்லவா இழக்க வேண்டும்? ஆசிரியர் இதை யோசித்தே எழுதினாரோ என்னவோ, கதையில் அப்படியே நடக்கிறது. பிள்ளை வீட்டுத் தகப்பனார் தும்பைப் பூவாய் நரைத்த மனிதர். காபி ஆறுவதற்குள் கேட்டுவிடுகிறார்.

"ஏனுங்க, உங்களுக்கு வயசு என்னங்க ஆச்சு?"

"நாப்பத்தெட்டு ஆச்சுங்க."

"அப்பிடீன்னா எனக்குத் தம்பிதானுங்க."

அதற்கப்புறம் அவர் பேச்சிலே ஓர் அண்ணன் தோரணை வந்துவிடுகிறது. மண்டபம் எங்கே, சீர் எவ்வளவு என்று அவர் சொல்ல, இவர் தலையை ஆட்ட வேண்டியிருக்கிறது. எட்டு வயதைக் குறைத்துக்கொண்டவர் எட்டுப் படி கீழே உட்கார்ந்திருக்கிறார். கதையின் சிறந்த இடம் இதுதான் என்பது என் கட்சி.

வீட்டுக்குள் நடப்பதும் நன்றாக வந்திருக்கிறது. சாயம் பூசுவதை ரகசியமாகச் செய்யலாம். பூசிய தலையை எங்கே ஒளிப்பது? காலையில் எல்லோரும் பார்க்கிறார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. மனைவி கறை பட்ட தலையணை உறையை மட்டும் உருவி, வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் போகிறாள். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் தேங்காய் எண்ணெயை முன்னதாகத் தடவிக்கொண்டால் சாயம் தோலில் அவ்வளவாகப் பிடிக்காது. அது தெரியாமல் மேஸ்திரி காதருகே ஒரு கறுப்புப் பிறையோடு நிற்கிறார். வாய்க்கருகே மருந்து கூடாதென்று மீசைக்குப் பூசப் பயந்து, அதை மழித்தும் விடுகிறார். மகள் மீசையைப் பற்றி மட்டும் கேட்கிறாள். தலையைப் பற்றிக் கேட்கவில்லை.

இனிக் குறை. விடிகிற நேரத்தில் மேஸ்திரிக்குத் தலை அரிக்கிறது. விருந்தினர் வரும்போது இமைகள் இரண்டும் வீங்கியிருக்கின்றன. இது அவர் வாழ்நாளில் முதன்முதலாகப் பூசிய சாயம் என்கிறார் ஆசிரியர். எனக்குத் தெரிந்த ஒரு தோல் வைத்தியரிடம் கேட்டேன். அவர் ஒப்பவில்லை. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பாரா-பினிலீன் டையமின் என்ற சரக்கு இருக்கிறது. சிலருடைய உடம்பு அதைப் பகையாகக் கருதிவிடும். ஆனால் பகையை உடம்பு கற்றுக்கொள்ளவே நாள் பிடிக்கும். முதல் பூச்சுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். ஏற்கெனவே கற்றுக்கொண்ட உடம்பில்தான் அடுத்த பூச்சு ஓரிரு நாளுக்குள் அரிப்பும் வீக்கமுமாகக் கிளம்பும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுகிறார்கள். ஆகவே ஒரே ராத்திரியில் இமை வீங்கியது என்றால், இந்த மனுஷர் முன்பே ஒரு தரம் பூசியிருக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

வைத்தியர் சொன்னது எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. முன்பே ஒரு தரம் என்றால், முன்பே ஒரு பிள்ளை வீட்டார் வந்திருக்க வேண்டும். அந்தச் சம்பந்தம் கைகூடாமல் போயிருக்க வேண்டும். மனைவி பேசாமல் உறையை உருவுவதும், மகள் மீசையை மட்டும் கேட்பதும் இப்போது வேறாகத் தெரிகின்றன. அவர்களுக்கு இந்த மௌனம் பழகிப்போயிருக்கிறது. நரை ஒரு மாதத்தில் வேரடியில் ஒரு சென்டிமீட்டருக்குத் திரும்ப முளைத்துவிடும். அந்த வெள்ளைக் கோட்டை முதல் தடவைக்குப் பிறகு அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் அல்லவா? வைத்திய சாஸ்திரப் பிழை என்று நான் தேடிப் போனது, கதையில் எழுதாமல் விட்ட பாதியைக் காட்டிவிட்டது.

முடிவு பற்றியும் ஒன்று. "கண்ணு வலீங்களா?" என்று சம்பந்தி கேட்க, தகப்பன் திணறும்போது, காபித் தட்டை ஏந்தி நிற்கும் மகள், "நேத்து மில்லுல பஞ்சு விழுந்துருச்சுங்க" என்று முந்திக்கொள்ளுகிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் அவள் பேசுகிற ஒரே வார்த்தை அது; அதுவும் பொய். கதை அங்கே நின்றிருக்க வேண்டும். ஆசிரியருக்கு நம்மிடம் நம்பிக்கை இல்லை. தகப்பன்மாரின் தியாகத்தைப் பற்றி ஒரு பாராவை ஒட்டவைத்திருக்கிறார். மகள் தன் பொய்யில் மறைத்த இமை வீக்கத்தை அந்தப் பாரா எடுத்து ஊருக்குக் காட்டுகிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கடைசிப் பாராவை அடித்துவிட்டாராம். முன்பே ஒரு தரம் நடந்தது வாஸ்தவந்தான் என்றும், அந்தத் தடவை வந்தவர்கள் காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள் என்றும், அதை எழுத அப்போது தமக்குக் கை வரவில்லை என்றும் எழுதியிருந்தார்.