பிறர் அறையை விற்பவரின் வருவாய் எவ்வளவு? பயண முகவர் கணக்கில் மொத்த முறையும் நிகர முறையும்

ஒரு பயண முகவர் வாடிக்கையாளரிடம் 6,000 ரூபாய் வாங்கி ஓர் ஓட்டல் அறையைப் பதிவு செய்துதருகிறார். அதில் 5,100 ரூபாய் ஓட்டலுக்குப் போகிறது, 900 ரூபாய் முகவரிடம் தங்குகிறது. இந்த விற்பனையை இரண்டு விதமாகக் கணக்கில் எழுதலாம். 6,000 ரூபாயை வருவாயாகவும் 5,100 ரூபாயைச் செலவாகவும் காட்டுவது மொத்த முறை. 900 ரூபாயை மட்டும் வருவாயாகக் காட்டுவது நிகர முறை. எப்படி எழுதினாலும் லாபம் 900 ரூபாய்தான். வரி, பணம், வாடிக்கையாளரின் பயணம் எதுவும் மாறுவதில்லை. ஆனால் லாப நட்டக் கணக்கின் முதல் வரி ஏறக்குறைய ஏழு மடங்கு வேறுபடுகிறது. நிறுவனத்தின் அளவு, வளர்ச்சி, சந்தை மதிப்பு ஆகியவற்றைப் பலரும் அந்த முதல் வரியை வைத்தே எடைபோடுகிறார்கள். அதனால்தான் இது வெறும் எழுதும் பாணி பற்றிய தகராறாக நின்றுவிடவில்லை.

தகராறு முற்றியது 1990களின் இறுதியில், அமெரிக்க இணைய நிறுவனங்களின் காலத்தில். லாபமே ஈட்டாத நிறுவனங்களின் பங்கு விலையை லாபத்தோடு ஒப்பிட முடியாததால், முதலீட்டாளர்கள் வருவாயின் மடங்காக அதை அளக்கத் தொடங்கினார்கள். பிரைஸ்லைன் நிறுவனம் 1998இல் சுமார் 3.5 கோடி டாலர் வருவாய் காட்டியது. 1999இல் அது 48 கோடி டாலரைத் தாண்டியது. வாடிக்கையாளர் தான் தரத் தயாரான விலையைச் சொல்லி, கடன் அட்டை எண்ணையும் கொடுத்துவிடுவார். அந்த விலைக்குக் கீழே விமான நிறுவனம் கொடுத்திருந்த கட்டணம் ஏதேனும் இருந்தால், பிரைஸ்லைன் டிக்கெட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்று, இடைப்பட்ட தொகையை வைத்துக்கொள்ளும். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்வதும், அட்டையில் பணத்தை எடுப்பதும் அதுவே. ஆகவே முழு டிக்கெட் விலையும் தன் வருவாய் என்றது நிறுவனம். எதிர்வாதமும் வலுவாகவே இருந்தது. வாங்குபவர் உறுதியான பிறகுதான் டிக்கெட் வாங்கப்படுகிறது. அது சில நொடிகள்கூட நிறுவனத்தின் கையில் விற்காமல் கிடப்பதில்லை. விற்காத இருக்கையின் நட்டம் விமான நிறுவனத்துக்கே.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 1999 டிசம்பரில் வருவாய் பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. அதையொட்டி 2000இல், கணக்கியல் தரநிலை வாரியத்தின் பணிக்குழு 99-19 என்ற எண்ணில் ஒரு பட்டியலைத் தந்தது. முதன்மைப் பொறுப்பு யாருடையது, சரக்கு விற்காமல் போகும் ஆபத்து யாருக்கு, விலையை யார் வைக்கிறார், கடன் வராமல் போனால் யார் சுமப்பது என்பவை அதிலிருந்த கேள்விகளில் முக்கியமானவை. கேள்விகள் நல்லவையே. எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பதுதான் நிறுவனத்தின் தீர்ப்புக்கு விடப்பட்டது. அதன் விளைவு ஐஏசி குழுமத்தில் தெளிவாகத் தெரிந்தது. எக்ஸ்பீடியா, ஓட்டல்ஸ் டாட் காம் இரண்டும் அதன் கீழ் இருந்தன. இரண்டும் ஓட்டல்களிடம் பேசிய விலைக்கு அறை எடுத்து, தங்கள் விலையில் விற்றன. எக்ஸ்பீடியா நிகர முறையில் எழுத, ஓட்டல்ஸ் டாட் காம் மொத்த முறையில் எழுதியது. 2004 ஜனவரி 1 முதல் ஓட்டல்ஸ் டாட் காமும் தன் வணிக நடைமுறைகளை மற்றவற்றோடு இசைவித்து நிகர முறைக்கு வந்தது. மாற்றம் அந்நாளிலிருந்து முன்னோக்கி மட்டுமே நடப்புக்கு வந்ததால், 2003இன் பழைய எண்களுக்கு அருகே 2004இன் எண்களை வைத்துப் படித்தவருக்கு வணிகம் சுருங்கியதுபோலத் தெரிந்திருக்கும். அறைகளின் விற்பனையில் அப்படி எதுவும் நிகழவில்லை. பட்டியலை மட்டும் நம்பிய விதியின் பலவீனத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2018இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தரநிலை 15உம், அதன் இந்திய வடிவமான 115ஆம் தரநிலையும் கேள்வியையே மாற்றியமைத்தன. சேவை வாடிக்கையாளரிடம் போய்ச் சேருமுன் அது விற்பவரின் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதே இப்போது அடிப்படை. இருந்தால் அவர் முதன்மையர், மொத்த முறை. இல்லையென்றால் முகவர், நிகர முறை. பொறுப்பு, சரக்கு ஆபத்து, விலை உரிமை ஆகிய மூன்றும் கட்டுப்பாட்டுக்கான அடையாளங்களாக மட்டும் மிஞ்சின. கடன் ஆபத்தும், வருமானம் கமிஷன் வடிவில் இருப்பதும் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டன. சொத்துரிமை ஒரு கணம் மட்டும் கையில் தங்கிப் போனால் அது கட்டுப்பாடு ஆகிவிடாது என்பதும் தெளிவாக எழுதப்பட்டது. பிரைஸ்லைன் வாதத்தின் மையத்தையே தொடும் வரி அது.

இந்த மாற்றத்தின் பெரிய பலம், எது விற்கப்படுகிறது என்று முதலில் கேட்கவைப்பது. தரநிலையோடு வெளியான 47ஆம் எடுத்துக்காட்டு இதைக் காட்டுகிறது. ஒரு நிறுவனம் குறிப்பிட்ட எண்ணிக்கை விமான டிக்கெட்டுகளைக் குறைந்த விலையில் வாங்க ஒப்புக்கொள்கிறது; விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும்; விற்பனை விலையைத் தானே வைக்கிறது. விமானத்தை ஓட்டுவது விமான நிறுவனம், பறக்காவிட்டால் பதில் சொல்வதும் அதுவே. அப்படியிருந்தும் முடிவு மொத்த முறை. விற்கப்படுவது பறத்தல் அல்ல, பறக்கும் உரிமை. அந்த உரிமை வாடிக்கையாளர் வருமுன்பே விற்பவரிடம் இருந்தது. விமானம் சொந்தமில்லாதவர் எல்லாரும் முகவர்தான் என்று எண்ணுபவர் தடுக்கி விழும் இடம் இது.

இந்திய எடுத்துக்காட்டு ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கொடைக்கானலில் மே மாதச் சீசனுக்காக ஒரு முகவர் ஓர் ஓட்டலில் 30 அறைகளை 10 இரவுகளுக்குப் பிளாக் செய்கிறார் என்று கொள்வோம். ஓர் இரவுக்கு 4,000 ரூபாய். மொத்தம் 300 அறை-இரவுகள், 12 லட்சம் ரூபாய். விற்காத அறைக்குப் பணம் திரும்பாது. 250 அறை-இரவுகள் 5,000 ரூபாய்க்கு விற்கின்றன. மொத்த முறையில் வருவாய் 12.5 லட்சம், அறைச் செலவு 12 லட்சம், லாபம் 50,000. இதையே நிகர முறையில் எழுத முயன்றால், விற்ற அறைகளில் கிடைத்த 2.5 லட்சம் கமிஷன்போல முதல் வரியில் நிற்கும். விற்காத 50 அறை-இரவுகளின் 2 லட்சம் கீழே எங்கோ செலவாக வரும். லாபம் அதேதான். ஆனால் 12 லட்சத்தைப் பணயம் வைத்தவர் தரகர்போலக் காட்சியளிப்பார். இங்கே நிகர முறை அடக்கமான முறை அல்ல, தவறான முறை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினால் முடிவு தலைகீழாகும். தங்கும் நாளுக்கு ஏழு நாள் முன்புவரை விற்காத அறைகளைக் கட்டணமின்றித் திருப்பித் தரலாம் என்றிருந்தால், விற்காத அறை ஓட்டலின் தலைவலி. முகவர் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் மட்டுமே, வருவாய் 2.5 லட்சம். அதனால்தான் தணிக்கையாளர் விற்பனைப் பில்லை விட்டுவிட்டு ஒப்பந்தத்தின் அறை-திருப்புதல் பிரிவைத் தேடுகிறார். காகிதத்தில் உள்ளதை அவர் அப்படியே நம்புவதும் இல்லை. சீசன் முடிந்த பிறகு விற்காத அறைகளுக்கு உண்மையில் பணம் போனதா, அல்லது ஓட்டல் அடுத்த மாத பில்லில் கழித்துக்கொடுத்ததா என்று வங்கிக் கணக்கில் பார்க்கிறார். திருப்ப முடியாது என்று எழுதிவிட்டு ஆண்டுதோறும் திருப்பிக்கொண்டிருந்தால், ஆபத்து காகிதத்தில் மட்டுமே இருந்தது என்று பொருள்.

இந்த வேறுபாடு இந்தியாவுக்குப் புதிதல்ல. தானிய மண்டிகளில் விவசாயிக்காக விற்றுக் கமிஷன் மட்டும் எடுக்கும் கச்சா ஆடத்தியருக்கும், தன் பொறுப்பில் வாங்கி விற்கும் பக்கா ஆடத்தியருக்கும் இடையிலான பிரிவு பழையது. வருமான வரித் தணிக்கைக்கான வரம்பைக் கணக்கிடும்போது முன்னவருக்குக் கமிஷனை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய நேரடி வரி வாரியம் 1986இல் சுற்றறிக்கை எண் 452 மூலம் விளக்கியது.

அறையும் வாகனமும் வழிகாட்டியும் சேர்த்து ஒரே விலையில் தரும் சுற்றுலாத் தொகுப்பில் பொதுவாக மொத்த முறையே பொருந்தும். இங்கே பலர் தரும் சேவைகளை ஒன்றாகக் கோத்து வேறொரு சேவையாக்குபவர் விற்பவரே. அந்தக் கோப்பையே வாடிக்கையாளர் வாங்குகிறார் என்றால் அவர் முதன்மையர். இணையத்தில் விமானத்தையும் அறையையும் ஒரே கூடையில் போட்டுத் தள்ளுபடி கொடுப்பது அத்தகைய கோப்பு ஆகுமா என்பதில்தான் இன்னும் நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு.

சாதாரணக் கமிஷன் வணிகத்தில் நிகர முறையே சரி. ஓட்டல் தன் கட்டணத்தை 6,000இலிருந்து 9,000 ஆக்கி, முகவருக்கு அதே 900 ரூபாயையே கொடுத்தால், மொத்த முறையில் அவர் வருவாய் பாதி மடங்கு வளர்ந்ததாகத் தெரியும். அவர் செய்த வேலையும் பெற்ற கூலியும் கொஞ்சமும் வளரவில்லை. நிகர முறை இந்தப் பொய்யான வளர்ச்சியைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக அது ஒன்றை மறைக்கிறது: முகவர் கையாளும் பிறர் பணத்தின் அளவை.

மேலே சொன்ன அறையைப் பெருநிறுவன வாடிக்கையாளர் ஒருவருக்குக் கடனில் பதிவு செய்ததாகக் கொள்வோம். ஓட்டலுக்கு 5,100 ரூபாய் போய்விட்டது, வாடிக்கையாளர் கட்டவில்லை. முகவரின் நட்டம் 900 அல்ல. கொடுத்த 5,100 ரூபாயையும் ஈடுகட்ட அவர் ஆறு அறைகளின் கமிஷனை முழுதாக இழக்க வேண்டும். விமான டிக்கெட்டில் நெருக்கடி இன்னும் கடுமை. ஐயாட்டாவின் தீர்வகத்துக்குக் குறித்த நாளில் பணம் கட்டியாக வேண்டும், வாடிக்கையாளர் தருவதும் தராததும் அதற்குக் கணக்கில்லை. கடன் ஆபத்தை அடையாளப் பட்டியலிலிருந்து எடுத்தது சரியே. கடன் கொடுத்ததால் அறை முகவருடையதாகிவிடாது. ஆனால் அந்த ஆபத்தின் அளவைச் சொல்ல நிகர வருவாயில் இடமில்லை.

முன்பணம் வாங்கி, வாடிக்கையாளர் தங்கி முடித்த பிறகு ஓட்டலுக்குக் கட்டும் முகவருக்கு இதே சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. விற்பனை ஏறும்போது பிறர் பணம் வங்கியில் குவிகிறது, இறங்கும்போது வெளியேறுகிறது. பெருந்தொற்று ஆண்டான 2020இல் எக்ஸ்பீடியாவின் நிகர நட்டம் சுமார் 260 கோடி டாலர். அதன் இயக்கச் செயல்பாடுகளிலிருந்து வெளியேறிய பணமோ சுமார் 380 கோடி டாலர். நட்டத்தின் ஒரு பகுதி பணம் வெளியேறாத மதிப்பிறக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. ரத்தான பயணங்களின் முன்பணம் திரும்பியதும், புதிய பதிவுகள் நின்றதும் அதற்கு முக்கியக் காரணங்கள். லாப நட்டக் கணக்கை மட்டும் படித்தவருக்கு இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருக்காது. பணப்புழக்க அறிக்கையிலும், முன்பதிவுப் பொறுப்பு என்ற கடன் வரியிலும் அது இருந்தது.

இந்தக் குறையை நிரப்பவே நிறுவனங்கள் மொத்தப் பதிவு மதிப்பைத் தனி எண்ணாக வெளியிடுகின்றன. புக்கிங் ஹோல்டிங்ஸ் 2023இல் சுமார் 15,060 கோடி டாலர் மொத்தப் பதிவும், சுமார் 2,140 கோடி டாலர் வருவாயும் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கைமாறிய ஒவ்வொரு நூறு டாலரிலும் பதினான்கு தங்கியது தெரிகிறது. அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்பது வருவாய் எண்ணைவிடக் கூடுதலாகப் பேசும். ஆனால் மொத்தப் பதிவு தரநிலை வரையறுத்த எண் அல்ல. வரி உள்ளடங்கியதா, ரத்தானவை கழிக்கப்பட்டனவா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் குறிப்பில் தானே சொல்கிறது. சொல்லாத இடத்தில் இரு நிறுவனங்களின் மொத்தப் பதிவை அருகருகே வைப்பது பயனற்றது. முதல் வரியில் நிகர வருவாய், அதற்கான குறிப்பில் வரையறையோடு மொத்தப் பதிவு, திருப்ப முடியாத அறை ஒப்பந்தங்களின் தொகை, வாடிக்கையாளர் முன்பணம், வசூலாகாத கடன் என நான்கும் இருந்தால் முகவரின் கூலியும் அவர் சுமக்கும் ஆபத்தும் ஒரே அறிக்கையில் தெரியும். இன்றைய தரநிலை நிகர வருவாயைக் கட்டாயமாக்குகிறது. முன்பணமும் கடனும் இருப்புநிலைக் குறிப்பில் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகின்றன. மொத்தப் பதிவுதான் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.